தேர்தல் முடிவு அட்டவணையைப் பிரித்தெடுக்க நான்கு வழிகள்: பிழை எங்கே பிறக்கிறது, கூட்டுத்தொகை எதைப் பிடிக்கும், எதை விடும்

பினாங்கு சட்டமன்றத்துக்கு 40 தொகுதிகள், N.01 பெனாகா முதல் N.40 தெலுக் பாஹாங் வரை. தொகுதிக்கு இரண்டு மூன்று வேட்பாளர்கள் என்று வைத்துக்கொண்டால், ஒரு தேர்தலின் முழு முடிவும் சுமார் நூறு வரிகளில் அடங்கிவிடும். கோலாலம்பூரில் சட்டமன்றம் கிடையாது. P.114 கெப்போங் முதல் P.124 பண்டார் துன் ரசாக் வரை 11 நாடாளுமன்றத் தொகுதிகள் மட்டுமே. ஆனால் 2022 பொதுத்தேர்தலில் P.115 பத்து என்ற ஒரு தொகுதியில் மட்டும் 10 பேர் நின்றார்கள். தொகுதி எண்ணிக்கை குறைவு என்பதற்காக வேலை சுலபம் என்று எண்ண வேண்டாம்.

இந்த அட்டவணை நமக்குப் பெரும்பாலும் பிடிஎஃப் கோப்பாகத்தான் கிடைக்கும். அதிலிருந்து வேட்பாளர் பெயர் ஒரு பத்தியிலும் வாக்கு இன்னொரு பத்தியிலும் வர வேண்டும், ஒவ்வொரு தொகுதியின் கூட்டுத்தொகையும் அச்சில் உள்ள எண்ணோடு பொருந்த வேண்டும். இதற்கு நடைமுறையில் நான்கு வழிகள் உள்ளன: எழுத்தை அப்படியே உருவும் `pdftotext`, கட்டங்களைப் பார்த்து எடுக்கும் `pdfplumber`, ஸ்கேன் படத்தை வாசிக்கும் `tesseract`, கையால் இரண்டு முறை தட்டுவது. எது வேகம் என்று கேட்டு இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஒவ்வொரு வழிக்கும் உரிய பிழை ஒன்று இருக்கிறது. சில பிழைகளைக் கூட்டுத்தொகை உடனே காட்டிக்கொடுக்கும், சிலவற்றைக் கண்டுகொள்ளவே செய்யாது. காட்டிக்கொடுக்கும் பிழையைச் செய்யும் வழிதான் நமக்கு நல்ல வழி.

தொடங்குமுன் இரண்டு விஷயம்

எந்த வழியில் போனாலும் இறுதியில் இரண்டு தனி அட்டவணைகள் வேண்டும். முதல் அட்டவணையில் வேட்பாளருக்கு ஒரு வரி: தொகுதிக் குறியீடு, பெயர், கட்சி, வாக்கு, பக்க எண். இரண்டாவதில் தொகுதிக்கு ஒரு வரி: குறியீடு, அச்சிட்ட செல்லும் வாக்குகள், செல்லாத வாக்குகள், பெரும்பான்மை, வாக்களித்தோர் எண்ணிக்கை. இந்த இரண்டாவது அட்டவணையை அச்சிலிருந்து தனியாக எடுக்க வேண்டும். வேட்பாளர் வாக்குகளைக் கூட்டி அதை நிரப்பினால் சரிபார்க்க எதுவும் மிஞ்சாது. சொல்லத் தேவையில்லாத விஷயம்போலத் தோன்றும், ஆனால் எக்செல்லில் ஒரு சூத்திரத்தை கீழே இழுக்கும்போது இதைச் செய்துவிடுவது மிக எளிது.

இணைப்புக்கு ஊர்ப்பெயரை நம்பாமல் `N.16`, `P.115` போன்ற குறியீட்டையே வையுங்கள். பெயரின் எழுத்துக்கூட்டல் ஆவணத்துக்கு ஆவணம் மாறும், குறியீடு ஒரே எல்லைவரையறைக்குள் மாறாது. பினாங்கில் இன்னொரு சிறு சோதனையும் குறியீட்டை வைத்துச் செய்யலாம். 13 நாடாளுமன்றத் தொகுதிகளில் ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்று சட்டமன்றத் தொகுதிகள் வரும், P.048 புக்கிட் பெண்டேராவில் மட்டும் நான்கு. உங்கள் பட்டியலில் இது பொருந்தாவிட்டால் ஒரு தொகுதி பக்கத்தோடு தொலைந்திருக்கிறது என்று பொருள்.

அடுத்தது, கோப்பு எந்த வகை என்று பார்ப்பது. அரை நிமிட வேலை.

```
pdffonts keputusan.pdf
```

எழுத்துருப் பெயர்கள் வரிசையாக வந்தால் அது கணினியில் தட்டச்சான கோப்பு, எழுத்து உள்ளே இருக்கிறது. ஒன்றும் வராவிட்டால் வெறும் படம். மூன்றாவது ஒரு வகை உண்டு, அதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பட்டியலில் `GlyphLessFont` என்று மட்டும் வந்தால், அது ஸ்கேன் படத்தின் மேல் யாரோ ஏற்கெனவே எழுத்துணரி ஓட்டி, கண்ணுக்குத் தெரியாத எழுத்தாக ஒட்டி வைத்தது. சுட்டியை இழுத்தால் எழுத்து தேர்வாகும், நகலெடுக்கவும் வரும். ஆனால் திரையில் நீங்கள் பார்ப்பது படத்தில் உள்ள எண், நகலாகி வருவது எழுத்துணரி ஊகித்த எண். இரண்டும் வேறாக இருக்கலாம். இத்தகைய கோப்பை ஸ்கேன் என்றே கணக்கில் எடுங்கள்.

pdftotext: வேகம் உண்டு, தொகுதி எல்லை தெரியாது

தட்டச்சான கோப்புக்கு முதலில் கைக்கு வருவது `pdftotext -layout`. பக்கத்தில் எது எங்கே இருக்கிறதோ அதே இடைவெளியோடு உரையாகக் கொட்டும். எண்கள் அப்படியே வரும், ஒரு இலக்கம்கூட மாறாது. அந்த அளவுக்கு இது நம்பகமானது. சிக்கல் எண்ணில் இல்லை, அந்த எண் யாருடையது என்பதில் இருக்கிறது.

முடிவு அட்டவணைகளில் தொகுதிப் பெயர் ஒரே ஒரு முறைதான் அச்சாகும். அந்தத் தொகுதியின் வேட்பாளர்கள் எல்லோருக்கும் சேர்த்து இணைத்த ஒரே கட்டத்தில், மேலும் கீழும் சமமாக, நடுவில் இருக்கும். கீழே உள்ளது விளக்கத்துக்காக அமைத்த எண்கள், எந்த உண்மைத் தொகுதியுடையதும் அல்ல. கடைசி இரண்டு பத்திகள் அச்சிட்ட செல்லும் வாக்குகளும் பெரும்பான்மையும்.

```
       1  CALON A          9,412
N.X    2  CALON B A/L C    7,385   17,102   2,027
       3  CALON D            305
       1  CALON E         11,048
N.Y    2  CALON F          8,627   20,153   2,421
       3  CALON G            478
```

கண்ணால் பார்க்கிறவருக்கு இதில் குழப்பமே இல்லை. நிரலோ அதை வரிவரியாகப் படிக்கிறது. குறியீடு காலியாக உள்ள வரிக்கு மேலே கடைசியாகப் பார்த்த குறியீட்டை நிரப்பு என்று சொல்லியிருப்போம், `ffill` செய்வது அதைத்தான். விளைவு என்ன? A முந்தைய தொகுதிக்குப் போய்விடுகிறார். B, D, E மூவரும் N.X கணக்கில் சேர்கிறார்கள். F, G இருவரோடு அடுத்த தொகுதியின் முதல் வேட்பாளரும் N.Y கணக்கில் விழுகிறார்.

இப்போது கூட்டிப் பாருங்கள். N.X கணக்கு 7,385 + 305 + 11,048 = 18,738. அச்சில் 17,102. வேறுபாடு 1,636. இந்த எண் தற்செயலாக வந்ததல்ல, 11,048 கழித்தல் 9,412. அதாவது அடுத்த தொகுதியின் முதல் வேட்பாளர் உள்ளே வந்துவிட்டார், நம் முதல் வேட்பாளர் வெளியே போய்விட்டார். எல்லாத் தொகுதிகளிலும் இப்படி ஒரு வேறுபாடு வந்தால், வேறெதையும் தேட வேண்டாம். குறியீடு நடு வரியில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டிய இடம் வேறு. வரிகள் எதுவும் தொலையவில்லை, இடம் மாறியிருக்கின்றன. ஆகவே மாநில மொத்தத்தைக் கூட்டினால் அச்சிட்ட மாநில மொத்தத்தோடு ஒரு வாக்கு பிசகாமல் பொருந்தும். நாற்பது தொகுதிகளும் தவறாக இருக்கும்போதே மொத்தம் சரியாக வரும்! மாநில மொத்தம் மட்டும் பார்த்துவிட்டு "கணக்கு சரி" என்று மூடி வைப்பது இதனால்தான் ஆபத்து. சரிபார்ப்பு தொகுதி தொகுதியாக நடக்க வேண்டும்.

தீர்வு எளிது. அட்டவணையில் வேட்பாளர் வரிசை எண் இருந்தால், அது மீண்டும் 1 ஆகும் இடத்தில் புதிய தொகுதி தொடங்குகிறது என்று வைத்துப் பிரியுங்கள். அந்தத் துண்டுக்குள் எந்த வரியில் குறியீடு இருந்தாலும் துண்டு முழுவதற்கும் அதையே கொடுங்கள். வரிசை எண் இல்லாத அட்டவணையில் இந்த வழி கைகொடுக்காது, ஏனென்றால் தொகுதிகளைப் பிரிக்கும் கோடு `pdftotext` கண்ணுக்குத் தெரியாது.

pdfplumber: கோடு தெரியும், பெயர் மடிந்தால் தடுமாறும்

`pdfplumber` பக்கத்தில் வரைந்துள்ள கோடுகளைப் பார்த்துக் கட்டங்களை உருவாக்குகிறது. இணைத்த கட்டத்தின் எழுத்து, அது நடுவில் அச்சாகியிருந்தாலும், அந்தக் கட்டத்தின் முதல் வரியில் வந்து சேரும். மற்ற வரிகளில் `None` இருக்கும். ஆகவே இங்கே `ffill` சரியாக வேலை செய்யும். மேலே பார்த்த சிக்கல் முழுவதும் இந்த ஒரு காரணத்தால் மறைந்துவிடுகிறது.

```python
import pdfplumber
rows = []
with pdfplumber.open("keputusan.pdf") as pdf:
    for no, page in enumerate(pdf.pages, 1):
        for t in page.extract_tables():
            rows += [[no] + r for r in t]
```

பக்க எண்ணையும் சேர்த்தே எடுப்பதைக் கவனியுங்கள். பிறகு ஒரு தொகுதி பொருந்தாதபோது எந்தப் பக்கத்தைத் திறப்பது என்று தேட வேண்டியிருக்காது.

வேட்பாளர்களுக்கு இடையே கோடு போட்டிருந்தால் வேலை இத்தோடு முடிந்தது. கோடு போடாமல், தொகுதிக்கு ஒரே பெட்டியாக, அதற்குள் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியிருந்தால்தான் தொல்லை. அப்போது பெயர்க் கட்டம் முழுவதும் ஒரே உரையாக வரும், வாக்குக் கட்டமும் அப்படியே. நாம் வரி முறிவில் பிரித்து இரண்டையும் ஜோடி சேர்ப்போம். பத்தி குறுகலாக இருந்து நீளமான பெயர் இரண்டாவது வரிக்கு மடிந்திருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். அ/லெ, அ/பெ, பின், பிந்தி என்று அப்பா பெயரும் சேர்ந்து வரும் நாட்டில் இது அரிதாக நடப்பதில்லை.

```
CALON A          9,412
CALON B A/L      7,385
C                305
CALON D
```

பெயர்ப் பக்கம் நான்கு வரி, வாக்குப் பக்கம் மூன்று. பைத்தானின் `zip` குறைவாக உள்ளதோடு நின்றுவிடும், எச்சரிக்கை எதுவும் தராது. 305 வாக்கு B-யின் அப்பாவான C-க்குப் போகிறது, D என்ற வேட்பாளர் காணாமல் போகிறார். கூட்டுத்தொகை? 9,412 + 7,385 + 305 = 17,102. அச்சோடு பொருந்துகிறது. பெரும்பான்மை 2,027, அதுவும் பொருந்துகிறது. எல்லாச் சோதனையிலும் தேறிய ஒரு தவறான அட்டவணை உங்கள் கையில். முதல் வேட்பாளரின் பெயர் மடிந்திருந்தால் இன்னும் மோசம், இரண்டாமவர் மூன்றாமவரின் வாக்கைப் பெற்றிருப்பார்.

தடுப்பதற்கு ஒரே ஒரு சொல் போதும். பைத்தான் 3.10 முதல் `zip(nama, undi, strict=True)` என்று எழுதலாம். எண்ணிக்கை ஒத்துவராவிட்டால் நிரல் அங்கேயே நின்றுவிடும். நின்ற இடத்தில் பக்கத்தைத் திறந்து மடிந்த பெயரைக் கையால் சேர்த்துவிடுங்கள். இதற்காக `A/L`-இல் முடியும் வரியை அடுத்ததோடு ஒட்டு என்று விதி எழுதத் தொடங்கினால் முடிவே இராது. பெயர் எங்கே வேண்டுமானாலும் மடியும்.

tesseract: இலக்கம் மாறும், ஆனால் பெரும்பாலும் சத்தம் போட்டு மாறும்

ஸ்கேன் கோப்பென்றால் எழுத்துணரி வேண்டும். முதலில் படமாக்குங்கள், பிறகு வாசிக்க விடுங்கள்.

```
pdftoppm -r 300 -gray -png keputusan.pdf hlm
tesseract hlm-1.png hlm-1 -l msa+eng --psm 6 tsv
```

300க்குக் கீழே இறங்க வேண்டாம். கமாவும் புள்ளியும் ஒன்றாகிவிடும், 3-க்கும் 8-க்கும் வேறுபாடு மங்கிவிடும். `tsv` என்று கேட்டால் ஒவ்வொரு சொல்லோடும் `conf` என்ற நம்பிக்கை மதிப்பெண்ணும் வரும். குறைந்த மதிப்பெண் பெற்ற எண்களைக் கண்ணால் பார்ப்பது பயன் தரும். ஆனால் அதிக மதிப்பெண் பெற்றது சரி என்று நினைத்துவிடாதீர்கள். தெளிவாக அச்சான கோட்டை, தெளிவான 1 என்று இது மிகுந்த நம்பிக்கையோடு சொல்லும்.

அந்தக் கோடுதான் இங்கே முதல் எதிரி. வாக்கு எண்ணின் இடது பக்கம் அட்டவணையின் செங்குத்துக் கோடு ஒட்டி நின்றால் `|9,412` என்பது 19,412 ஆகிறது, `|305` என்பது 1,305 ஆகிறது. இதைக் குறைக்க இலக்கங்களை மட்டும் அனுமதிக்கலாம் என்று பலரும் `tessedit_char_whitelist=0123456789,` போடுகிறார்கள். O, l, S போன்ற எழுத்துகள் எண்ணுக்குள் நுழைவது இதனால் நிற்கும், உண்மைதான். ஆனால் கோட்டுக்குப் பட்டியலில் இடம் இல்லாததால் அது 1 ஆகத் தோன்றும் வாய்ப்பு கூடுகிறது. முன்பாவது `|` என்று வந்து தன்னைக் காட்டிக்கொண்டது, இப்போது நல்ல எண்ணாக வேடம் போட்டு வருகிறது. அனுமதிப் பட்டியலைப் பயன்படுத்துவதென்றால் முதலில் வாக்குப் பத்தியை மட்டும், கோடுகளுக்கு உள்ளே, தனியாக வெட்டியெடுத்த பிறகே பயன்படுத்துங்கள்.

வெட்டியெடுத்தால் இன்னொன்று கவனிக்க வேண்டும். பெயர்ப் பத்தியும் வாக்குப் பத்தியும் தனித்தனியாக வாசிக்கப்படுவதால், மேலே `zip`-இல் பார்த்த மடிந்த பெயர்ச் சிக்கல் அப்படியே இங்கும் வரும். பெயர்களை எழுத்துணரியிடம் விடாமல், வேட்பாளர் பட்டியல் வேறு நல்ல கோப்பில் இருந்தால் அதிலிருந்து எடுத்து, அச்சு வரிசைப்படி அடுக்கி, வாக்கை மட்டும் எழுத்துணரியிடம் கேட்பது என் தேர்வு.

கையால் இரண்டு முறை

இதைச் சிரிக்க வேண்டாம். நூறு வரி என்பது பழகிய கைக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவான வேலை. இருவர் ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் தனித்தனிக் கோப்பில் தட்ட வேண்டும். பிறகு கட்டத்துக்குக் கட்டம் ஒப்பிட வேண்டும். ஒருவர் வாசிக்க மற்றவர் தட்டும் முறை இதற்கு ஈடாகாது. வாசிப்பவர் ஒரு வரி தவறினால் இருவரும் சேர்ந்து தவறுவார்கள்.

மனிதர் செய்யும் பிழை எழுத்துணரியின் பிழைபோல் இருக்காது. 7,385 என்பதை 7,835 என்று தட்டுவோம், பக்கத்து இலக்கங்கள் இடம் மாறும். ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்ததைத் தட்டுவோம். ஒரே எண்ணை இரண்டு முறை தட்டுவோம். ஆனால் மடிந்த பெயரையோ நடுவில் நிற்கும் குறியீட்டையோ பார்த்து மனிதர் ஏமாறுவது கிடையாது. கருவிகள் விழும் குழிகள் இரண்டையும் கண் தானாகவே தாண்டிவிடுகிறது.

வேறுபாட்டைப் படிப்பது

சரிபார்ப்பு நிரல் நான்கே வரி. `df` என்பது வேட்பாளர் அட்டவணை, `cetak` என்பது தொகுதி அட்டவணை, அதன் எண்களில் கமாவை முன்பே நீக்கியிருக்க வேண்டும். எக்செல்லில் `=SUMIFS(D:D,A:A,H2)-I2` என்று தொகுதிக்கு ஒன்றாகப் போட்டாலும் அதே விடை.

```python
df["undi"] = df["undi"].str.replace(",", "").astype(int)
kira = df.groupby("kod")["undi"].sum()
beza = kira - cetak.set_index("kod")["undi_sah"]
print(beza[beza != 0])
```

`astype(int)` என்று கறாராக வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. `pd.to_numeric` போட்டு `errors="coerce"` என்று தளர்த்தினால் படிக்க முடியாத எண் காலியாகும், `sum` அதைச் சொல்லாமல் தாண்டிவிடும். 9.412 என்று கமா புள்ளியாக மாறி வந்தாலும் `int` அதை ஏற்காமல் நின்றுவிடும், அதுவே நமக்கு வேண்டியது. ஒரு பட்டியலில் `N.01`, மற்றதில் `N01` என்று இருந்தால் விடையில் `NaN` வரும். அது வாக்குப் பிழை அல்ல, குறியீட்டுப் பிழை. இடைக்கோப்பை கமாவால் பிரித்த வகையில் சேமிக்காமல் தாவலால் பிரித்த வகையில் சேமித்தால், 9,412 என்பது 9 என்றும் 412 என்றும் இரண்டு பத்திகளாக உடையும் தொல்லையும் இல்லை.

பூஜ்யம் இல்லாத ஒவ்வொரு வேறுபாடும் ஒரு தடயம். அது 9-ஆல் மீதியின்றி வகுபட்டால் முதலில் இலக்கம் இடம் மாறியதா என்று பாருங்கள். 7,835 கழித்தல் 7,385 என்பது 450, அதாவது 9 முறை 50. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் மாறினால் வேறுபாடு எப்போதும் 9-இன் மடங்காகவே இருக்கும். இது கையால் தட்டியதன் அடையாளம். எழுத்துணரி இலக்கங்களை இடம் மாற்றாது, ஒன்றை இன்னொன்றாகப் படிக்கும். அதனால் அதன் வேறுபாடு ஒரே ஒரு இலக்கமும் பின்னால் பூஜ்யங்களுமாக வரும்: நூறாம் இடத்தில் 3-ஐ 8 என்று படித்தால் 500, பத்தாம் இடத்தில் 1-ஐ 7 என்று படித்தால் 60. சரியாக 10,000 அல்லது 1,000 கூடுதலாக வந்தால் செங்குத்துக் கோட்டைச் சந்தேகியுங்கள்.

வேறுபாடு அச்சில் உள்ள ஒரு வேட்பாளரின் வாக்குக்குச் சமமாக இருந்தால் அவர் வரி தொலைந்தது, அல்லது இருமுறை வந்தது. பக்க முறிவில்தான் இது அதிகம். பத்து தொகுதிபோல 10 பேர் நின்ற இடத்தில், பாதிப் பெயர்கள் அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கும், அந்தப் பக்கத்தின் தலைப்பு வரியோடு முதல் வேட்பாளரையும் நிரல் தூக்கி எறிந்திருக்கும். கூட்டுத்தொகை சரியாக இரு மடங்கு வந்தால் மொத்த வரியே ஒரு வேட்பாளராக உள்ளே நுழைந்திருக்கிறது. எல்லாத் தொகுதியிலும் நம் கணக்கு குறைந்து, வேறுபாடு அந்தந்தத் தொகுதியின் செல்லாத வாக்குகளுக்குச் சமமாக இருந்தால், நாம் எடுத்த அச்சுப் பத்தியே தவறு. அது செல்லும் வாக்குகள் அல்ல, பெட்டியில் இருந்த மொத்த வாக்குச்சீட்டுகள். வாக்களிப்பு மையவாரியாக உள்ள அட்டவணையைக் கூட்டும்போது இதேபோல் எல்லாத் தொகுதியும் குறைந்தால், அஞ்சல் வாக்கும் முன்கூட்டிய வாக்கும் தனி வரிகளில் எங்கோ ஓரத்தில் இருக்கின்றன என்று பொருள்.

வேறுபாட்டைக் கண்டுபிடித்ததும், எந்த எண்ணை மாற்றினால் பொருந்தும் என்று கணக்குப் போட்டு மாற்றிவிடாதீர்கள். பக்கத்தைத் திறந்து, அச்சில் அந்த எண் அப்படித்தான் இருக்கிறது என்று பார்த்த பிறகே மாற்றுங்கள். 500 வேறுபாட்டை இரண்டு வேட்பாளர்களில் எவர் மேலும் ஏற்றலாம்.

கூட்டுத்தொகை விட்டுவிடுவது

தொகுதிக்குள் இருவர் வாக்கு இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறாது. பெரும்பான்மையும் மாறாது, அது முதல் எண்ணுக்கும் இரண்டாம் எண்ணுக்கும் உள்ள இடைவெளி மட்டுமே, யாருடையது என்று அதற்குத் தெரியாது. பெரும்பான்மைச் சோதனையின் பயன் வேறு இடத்தில் இருக்கிறது: இரண்டு பிழைகள் ஒன்றையொன்று ஈடு செய்து கூட்டுத்தொகையைச் சரியாகக் காட்டும்போது அது பிடிக்கும். 9,412 என்பது 9,512 ஆகவும் 7,385 என்பது 7,285 ஆகவும் ஆனால் மொத்தம் அதே 17,102, ஆனால் பெரும்பான்மை 2,227 ஆகிவிடும்.

பெயர் மாறாட்டத்தைப் பிடிக்கப் பெயரோடு தொடர்புள்ள சோதனைதான் வேண்டும். அதிக வாக்கு பெற்றவர் பெயர், வெற்றி பெற்றவர் என்று அச்சிட்ட பெயரோடு ஒத்துப்போகிறதா என்று நாற்பது வரியையும் ஒப்பிடுங்கள். இது வென்றவரை மட்டுமே காக்கும். தோற்றவர்களுக்கு இடையே நடந்த மாறாட்டத்துக்கு, அட்டவணையில் வைப்புத்தொகை இழந்தவர்கள் குறிக்கப்பட்டிருந்தால் அது கைகொடுக்கும். எட்டில் ஒரு பங்கு வாக்குக்கூடப் பெறாதவர் வைப்புத்தொகையை இழக்கிறார். 17,102-இல் எட்டில் ஒரு பங்கு 2,137 சொச்சம். 7,385 வாக்கு பெற்றதாக உங்கள் பட்டியல் சொல்லும் ஒருவருக்கு எதிரே வைப்புத்தொகை இழந்த குறி இருந்தால், அவர் எண்ணும் 305-உம் மாறியிருக்கின்றன. வேட்பாளர் எண்ணிக்கையையும் வேட்புமனுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். C என்ற போலி வேட்பாளர் D-யின் இடத்தில் நின்றபோது எண்ணிக்கை மூன்றாகவே இருந்தது என்பதால், எண்ணிக்கையோடு பெயரையும் ஒப்பிட்டால்தான் பயன்.

எதை எடுப்பது

தட்டச்சான கோப்பு, வேட்பாளருக்கு வேட்பாளர் கோடு போட்டது என்றால் `pdfplumber`, வேறு யோசனை வேண்டாம். கோடே இல்லாமல் வரிசை எண் மட்டும் உள்ள அட்டவணைக்கு `pdftotext`, துண்டுகளை வரிசை எண்ணால் பிரித்து. இந்த இரண்டிலும் இலக்கம் மாறாது என்பதால், உங்கள் கவனம் முழுவதும் பெயர் ஒப்பீட்டில் இருக்கட்டும். கூட்டுத்தொகை பொருந்துகிறது என்பது இங்கே பெரிய சான்று அல்ல.

ஸ்கேன் கோப்பு, ஒரே ஒரு மாநிலத் தேர்தல் என்றால் கையால் இரண்டு முறை தட்டுங்கள். எழுத்துணரிக்குப் பத்தி வெட்டி, கோடு நீக்கி, அனுமதிப் பட்டியல் சரிசெய்யும் நேரத்தில் பினாங்கு முழுவதும் தட்டி முடித்துவிடலாம். நாடு முழுக்க 222 நாடாளுமன்றத் தொகுதிகள், அதுவும் பல தேர்தல்களுக்கு என்னும்போது எழுத்துணரி லாபம். அப்போதும் பொருந்தாத தொகுதிகளை மட்டும் கையால் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளலாம். இங்கே கூட்டுத்தொகை உண்மையாகவே வேலை செய்கிறது, ஏனென்றால் எழுத்துணரியின் பிழைகளில் பெரும்பாலானவை கூட்டுத்தொகையைக் கலைக்கும் வகை. 1960களின் தட்டச்சுப்பொறி அறிக்கைகளை ஸ்கேன் செய்தவை மட்டும் விதிவிலக்கு. மை பரவி, எழுத்து ஏறி இறங்கி நிற்கும் பக்கத்தில் ஒரே தொகுதிக்குள் மூன்று நான்கு எண்கள் தவறாக வரும். அப்போது வேறுபாடு எந்தத் தடயமும் சொல்லாது. அவற்றைக் கைக்கே விடுங்கள்.

எல்லாம் திருத்திய பிறகும் ஒரு தொகுதி பொருந்தாமல் நிற்கலாம். பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலும் எண்கள் நீங்கள் எடுத்தபடியே இருக்கும். அப்படியானால் பிழை அச்சில். அதைத் திருத்தாமல் வாக்குப் பத்தியில் அச்சிட்டபடியே வைத்து, பக்கத்தில் குறிப்புப் பத்தி ஒன்றில் "கூட்டுத்தொகை 17,102, அச்சில் 17,120" என்பதுபோல் எழுதி வையுங்கள். செல்லும் வாக்குகளோடு செல்லாதவற்றைக் கூட்டினால் பெட்டியில் இருந்த வாக்குச்சீட்டுகளின் எண்ணிக்கை வர வேண்டும். அந்தக் கணக்கு 17,102-ஓடு சரியாகி 17,120-ஓடு சரியாகாவிட்டால், மொத்தத்தை அச்சுக்கோக்கும்போது இலக்கம் புரண்டிருக்கிறது என்று குறிப்பில் சேர்க்கலாம். போட்டியின்றித் தேர்வானவருக்கு வாக்குக் கட்டத்தைக் காலியாகவே விடுங்கள், 0 போட வேண்டாம். காலிக் கட்டத்தில் `astype(int)` முரண்டுபிடிக்கும் என்பதால், அந்தத் தொகுதிகளை மட்டும் சரிபார்ப்புக்கு முன்பே தனியாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.